காற்று 38, தண்ணீர் 32



பேச்சைத் தொடங்குமுன் மேசையைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டு வெப்பமானிகள் தொங்குகின்றன. இரண்டும் இப்போது 33 டிகிரி காட்டுகின்றன. ஒன்றின் குமிழில் இந்தப் பஞ்சுத் துணியைச் சுற்றி, தண்ணீரில் நனைத்துவிடுகிறேன். எதிரே மேசை மின்விசிறியைப் போட்டுவிடுகிறேன். அவ்வளவுதான். முன்வரிசையில் இருக்கும் தம்பி, நீங்கள்தான் இதற்குக் காவல். நான் கேட்கும்போது எழுந்து வந்து படித்துச் சொல்லுங்கள்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கூலிங் டவர். தமிழில் குளிர்விக்கும் கோபுரம் என்று எழுதுகிறார்கள். மொட்டைமாடியில், ஆலையின் பின்புறத்தில், மேலே விசிறி சுற்றிக்கொண்டு, அடியில் மழைபோலத் தண்ணீர் கொட்டிக்கொண்டு நிற்கிறதே, அதுதான். நாம் டவர் என்றே சொல்வோம். அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

சென்னையில் மே மாதப் பிற்பகல். காற்று 38 டிகிரி. டவருக்குள் போகும் தண்ணீர் 37 டிகிரி. வெளியே வரும் தண்ணீர் 32 டிகிரி. யோசித்துப் பாருங்கள். 38 டிகிரி காற்று, தன்னைவிடக் குளிர்ந்த 37 டிகிரி தண்ணீரை, இன்னும் 5 டிகிரி குளிர்வித்து அனுப்புகிறது! சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத்தான் வெப்பம் போகும் என்று பள்ளியில் படித்தோமே, அது என்ன ஆயிற்று? ஐஸ் போட்டார்களா? உள்ளே குளிர்பதன யந்திரம் ஏதாவது இருக்கிறதா? ஒன்றுமில்லை. ஒரு விசிறி, கொஞ்சம் பிளாஸ்டிக் தகடு, ஒரு தொட்டி. பின் எப்படி?

விடை டீக்கடையில் இருக்கிறது. டீ மாஸ்டர் என்ன செய்கிறார்? ஒரு குவளையை உயர்த்திப் பிடித்து, இன்னொன்றைத் தாழ்த்திப் பிடித்து, ஒரு முழ நீளத்துக்கு டீயை இழுத்து ஆற்றுகிறார். குவளையிலேயே வைத்திருந்தால் கால் மணி நேரம் ஆகும். இரண்டு இழுப்பில் குடிக்கிற சூட்டுக்கு வந்துவிடுகிறது. மொத்தமாக இருந்த திரவத்தை மெல்லிய நாடாவாக விரித்துக் காற்றுக்குக் காட்டுகிறார். அந்த நாடாவின் மேற்பரப்பிலிருந்து நீராவி பறக்கிறது. பறக்கிற ஆவி சும்மா பறக்காது. பின்னால் இருக்கிற டீயிடமிருந்து வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் பறக்கும்.

டவருக்குள் நடப்பதும் டீ ஆற்றுகிற வேலைதான். மேலே குழாயிலிருந்து நாசில்கள் தண்ணீரைச் சிதறுகின்றன. அது தேன்கூடுபோல அடுக்கிய பிளாஸ்டிக் தகடுகளில் விழுந்து, தகட்டோடு தகடாக மெல்லிய படலமாக வழிகிறது. அந்த அடுக்குக்கு ஃபில் என்று பெயர். கீழே பக்கவாட்டு லூவர் வழியாகக் காற்று நுழைந்து, வழிகிற தண்ணீருக்கு எதிராக மேலேறி, விசிறி வழியாக வெளியே போகிறது. தண்ணீர் கீழே வருகிறது, காற்று மேலே போகிறது. இரண்டும் எதிரெதிரே உரசிக்கொண்டு போகின்றன.

இப்போது கணக்குக்கு வருவோம். பயப்படாதீர்கள், மளிகைக்கடைக் கணக்குதான். மணிக்கு ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் சுழலும் நடுத்தர டவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிர, ஒரு கிலோகலோரி வெப்பம் போக வேண்டும். 37-லிருந்து 32-க்கு இறங்கினால் லிட்டருக்கு 5 கிலோகலோரி. ஒரு லட்சம் லிட்டருக்கு மணிக்கு 5 லட்சம் கிலோகலோரி. சரி, ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக எவ்வளவு வெப்பம் கேட்கும்? இந்த வெப்பநிலையில் சுமார் 580 கிலோகலோரி. அப்படியானால் ஒரே ஒரு லிட்டர் ஆவியாகிப் போனால், தன்னோடு இருந்த 116 லிட்டரை 5 டிகிரி குளிர்வித்துவிட்டுப் போகிறது! ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்பி, மீதி 116 பேருக்கும் வேர்வை அடங்கியதுபோல.

வெளியே போகிற காற்றையும் பாருங்கள். ஒரு கிலோ காற்றுக்குச் சுமார் 1.2 கிலோ தண்ணீர் என்ற அளவில் ஓடும் டவரில், 38 டிகிரியில் நுழைந்த காற்று 33-ஐ ஒட்டிய வெப்பநிலையில் வெளியே வரும். ஆம், உள்ளே போனதைவிடக் குளிர்ந்துதான் வெளியே வருகிறது. பின் வெப்பம் எங்கே போயிற்று? காற்றில் ஏறிய ஈரத்துக்குள் ஒளிந்துகொண்டு போயிற்று. வெப்பமானியில் தெரியாத வெப்பம் அது. விசிறிக்கு மேலே கையை நீட்டினால் சுடாது. ஆனால் உள்ளங்கை நனைந்து பிசுபிசுக்கும். தண்ணீரிடமிருந்து எடுத்த 5 லட்சத்தோடு, காற்று தானே இழந்த சூடும் சேர்ந்து அந்த ஈரத்தில் போகிறது. அதனால்தான் மே மாதப் பிற்பகலில் இந்த டவர் மணிக்கு 950 லிட்டர்வரை குடிக்கும். காற்று 30 டிகிரியாக இருந்து அதே வேலையைச் செய்திருந்தால் 700 லிட்டரோடு நிறுத்தியிருக்கும்.

அப்படியானால் கேள்வி மாறுகிறது. காற்றின் சூடு டவரைத் தடுக்கவில்லை என்றால், எதுதான் தடுக்கிறது? 32-ல் ஏன் நின்றது? ஏன் 25-க்குப் போகவில்லை?

தம்பி, எழுந்து வாருங்கள். என்ன காட்டுகிறது? உலர்ந்தது 33. நனைந்தது? 28. நன்றி, உட்காருங்கள்.

இதுதான் இன்றைய கூட்டத்தின் கதாநாயகன். ஈரக்குமிழ் வெப்பநிலை. நாம் வெட் பல்ப் என்போம். இந்த மண்டபத்துக் காற்றில் வைத்து, ஊதி ஊதி ஆவியாக்கி, ஒரு துளித் தண்ணீரை எதுவரை குளிர்விக்க முடியுமோ அந்த அடிமட்டம் அது. நான் இன்னும் ஒரு மணி நேரம் பேசினாலும் அது 28-க்குக் கீழே இறங்காது. ஏனென்றால் அந்த இடத்தில் ஆவியாகி இழக்கிற வெப்பமும், காற்றிலிருந்து வந்து சேர்கிற வெப்பமும் சரிக்குச் சரியாகிவிட்டன.

நம் ஊர்க்காரர்களுக்கு வெட் பல்ப்பைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. புழுக்கம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே. கோயம்புத்தூரில் 38 டிகிரி வெயிலில் நடந்துவிடலாம்; நிழலுக்கு வந்தால் வேர்வை காய்ந்துவிடும். சென்னையில் 34 டிகிரிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. உலர்ந்த வெப்பமானி கோவைக்குத்தான் அதிகம் காட்டுகிறது. ஆனால் டவரைக் கேட்டால் அது கோவையில்தான் வேலை செய்ய விரும்பும். டவருக்கு வெயில் தெரியாது, புழுக்கம்தான் தெரியும்.

ஆக, மேசையில் 28 என்பது அடிமட்டம். அந்த மே மாதப் பிற்பகலிலும் வெட் பல்ப் இதே 28 என்று வைத்துக்கொள்வோம். நம் டவர் கொடுத்தது 32. இடையில் 4 டிகிரி இடைவெளி. அந்த 4-க்குத்தான் அப்ரோச் என்று பெயர். அணுகல் இடைவெளி என்று சொல்லிக்கொள்ளலாம்: தண்ணீர் அடிமட்டத்துக்கு எவ்வளவு கிட்டே போய் நின்றது என்கிற அளவு. இன்னொரு எண் இருக்கிறது, 37-லிருந்து 32, அந்த 5 டிகிரி இறக்கம். அதற்கு ரேஞ்ச் என்று பெயர். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுபோல இந்தத் தொழிலில் வேறு குழப்பம் கிடையாது.

ரேஞ்சைத் தீர்மானிப்பது யார்? டவரா? இல்லை. ஆலை எவ்வளவு வெப்பத்தைத் தண்ணீரில் கொட்டுகிறது, பம்ப் எவ்வளவு தண்ணீரைச் சுற்றுகிறது, இந்த இரண்டு மட்டுமே. கொட்டுகிற வெப்பம் மாறாமல் இருந்தால், டவர் பாழடைந்து கிடந்தாலும் ரேஞ்ச் அதே 5-தான் இருக்கும். 42-ல் போய் 37-ல் வரும், அவ்வளவுதான். "ரேஞ்ச் சரியாக இருக்கிறது, டவர் நன்றாக இருக்கிறது" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிற மேற்பார்வையாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையெழுத்து பம்ப்புக்கும் ஆலைக்கும் போட்டது. டவருக்குப் போட வேண்டிய கையெழுத்து அப்ரோச்சில்தான் இருக்கிறது.

அப்படியானால் அந்த 4 டிகிரியை 2 ஆக்க முடியாதா? பூஜ்யம் ஆக்க முடியாதா?

1925-ல் ஜெர்மனியில் மெர்க்கெல் என்ற பொறியாளர் இதற்கு வழி காட்டினார். தண்ணீரையும் காற்றையும் வெறும் வெப்பநிலையால் ஒப்பிடாதீர்கள் என்றார். தண்ணீரை ஒட்டி ஈரம் நிறைந்து நிற்கும் மெல்லிய காற்றுப் படலத்தில் மொத்தம் எவ்வளவு வெப்பம் இருக்கிறது, கடந்து போகிற காற்றில் எவ்வளவு இருக்கிறது, அந்த வித்தியாசம்தான் வெப்பத்தைத் தள்ளுகிறது என்றார். தண்ணீர் வெட் பல்ப்பை நெருங்க நெருங்க அந்த வித்தியாசம் மெலிகிறது. தள்ளுகிற கை தளர்கிறது. முதல் டிகிரிகள் சுலபமாகக் கிடைக்கும். கடைசி டிகிரிகள் யானை விலை.

எவ்வளவு விலை? நம் டவருக்கே போட்டுப் பார்த்தேன். அதே வெப்பம், அதே தண்ணீர், அதே காற்று. அப்ரோச் 4-லிருந்து 2-க்கு வர வேண்டுமானால், ஃபில்லின் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். இரண்டு டிகிரிக்கு இன்னொரு டவர்! அதையும் பாதியாக்கி ஒரு டிகிரிக்குக் கொண்டுவர நினைத்தால், வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்து சிரிக்க வேண்டியதுதான். பூஜ்யத்துக்கு அளவில்லாத டவர் வேண்டும். அதனால்தான் 2.8 டிகிரிக்கு, அதாவது பழைய 5 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே அப்ரோச் தருகிறேன் என்று தயாரிப்பாளர்கள் பொதுவாக உறுதி கொடுப்பதில்லை. யாராவது கொடுத்தால், கையெழுத்துப் போடுமுன் எந்த வெட் பல்ப்புக்கு என்று கேளுங்கள்.

அது ஏன் கேட்க வேண்டும்? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. வெட் பல்ப் இறங்கினால் அப்ரோச் குறையும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. மார்கழி விடியற்காலையில் வெட் பல்ப் 20-க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். அதே டவர், அதே சுமை. தண்ணீர் 24-ல் வருமா? வராது. 26-ஐ ஒட்டி வரும். அப்ரோச் 4-லிருந்து 6-க்கு மேல் ஏறிவிட்டது. தண்ணீர் குளிர்ந்திருக்கிறது, ஆனால் இடைவெளி அகன்றிருக்கிறது. காரணம், குளிர்ந்த காற்று டிகிரிக்கு டிகிரி சுமக்கிற ஈரம் குறைவு. அதே வெப்பத்தைத் தள்ள அதற்கு அகலமான இடைவெளி தேவைப்படுகிறது. இது தெரியாமல் ஜனவரியில் டவரைச் சந்தேகப்பட்டு ஃபில்லைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

சுமை குறைந்தால் அப்ரோச்சும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறையும். பாதி சுமையில் 2 காட்டிவிட்டு, "பார்த்தீர்களா, எங்கள் டவர் அப்ரோச் 2" என்று விற்பனைக்காரர் மார்தட்டினால் நம்ப வேண்டாம்.

இனி நான் கண்ட ஒரு டவரின் கதை. சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். குளிர்பதன நிலையத்துக்கான டவர், நான் இதுவரை சொன்ன அதே அளவு: வெட் பல்ப் 28-ல் 37 வந்தால் 32 கொடுக்க வேண்டியது. நான் போனபோது 40 வந்து 35 கொடுத்துக்கொண்டிருந்தது. குளிர்பதன யந்திரத்துக்குப் போகும் தண்ணீரில் ஒவ்வொரு டிகிரிக்கும் மின்சாரம் 2 முதல் 3 சதவீதம் கூடும். மூன்று டிகிரிக்கு எவ்வளவு என்று முதலாளி ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். புதிய டவருக்கு விலைப்புள்ளியும் வாங்கி வைத்திருந்தார்.

முதலில் என்ன செய்தேன்? பையிலிருந்து இதே போன்ற இரண்டு வெப்பமானிகளை எடுத்தேன். வாசலருகே திறந்த வெளியில் வெட் பல்ப் 28. ஆக அப்ரோச் 7. டவர் தோல்விதான் என்று தோன்றியது. பிறகு டவரின் லூவரை ஒட்டி நின்று அளந்தேன். தெற்குப் பக்கம் 28. வடக்குப் பக்கம்? 31!

ஒரே டவர், ஒரே நேரம், நாலு எட்டு தூரத்தில் 3 டிகிரி வித்தியாசம். எங்கிருந்து வந்தது? நிமிர்ந்து பார்த்தேன். லூவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, டவரைவிட உயரமாக, புதிதாக ஒரு ஜெனரேட்டர் கொட்டகை. தகரச் சுவர். விசிறி மேலே துப்பிய ஈரக்காற்று சுவரில் முட்டி, சுவர் வழியே கீழே இறங்கி, மறுபடியும் லூவருக்குள் போய்க்கொண்டிருந்தது. தான் விட்ட மூச்சைத் தானே இழுத்துக்கொண்டிருந்தது டவர். கையில் ஊதுவத்தி இருந்தால் போதும், புகை எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். அன்று அதைத்தான் செய்தோம்; பூஜை அறையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இரண்டு பக்கத்தையும் சராசரி பார்த்தால் உள்ளே போகும் காற்று 29.5. நல்ல டவர் என்றால் 33-ஐ ஒட்டிக் கொடுத்திருக்க வேண்டும். 35 ஏன்? மேலே ஏறிக் கதவைத் திறந்து பார்த்தோம். நாசில்களில் மூன்றில் ஒன்று அடைத்திருந்தது. சுண்ணாம்புப் படிவு, உடைந்த ஃபில் துணுக்கு, ஒரு பிளாஸ்டிக் பைத் துண்டு. அந்த நாசில்களின் கீழே ஃபில் வறண்டு, வெளிறி, வெள்ளைப் பொடி பூத்துக் கிடந்தது. இதில் நஷ்டம் இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். காற்று சோம்பேறி, தடை குறைந்த வழியில்தான் போகும். வறண்ட இடத்தில் தண்ணீர்த் தடை இல்லை, எனவே காற்று அங்கேதான் கூட்டமாகப் போகிறது, ஒரு வேலையும் செய்யாமல். நனைந்த இடத்தில் தண்ணீர் அதிகம், காற்று குறைவு. விசிறி மோட்டார் ஆம்பியர் சரியாகத்தான் காட்டும். காற்றும் போகிறது, தண்ணீரும் ஓடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

நாசில்களைச் சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. தண்ணீர் 33.5-க்கு வந்தது. கொட்டகையை இடிக்க முதலாளிக்கு மனமில்லை. டவர் பக்கத்துத் தகரத்தை மட்டும் கழற்றிவிட்டு, ஜெனரேட்டரைச் சுற்றிக் கம்பி வலை போட்டார்கள். 32.5. மீதி அரை டிகிரி ஃபில்லில் படிந்த உப்பு. ஆவியாகப் போகிற தண்ணீர் சுத்தமாகப் போகிறது. உப்பை நமக்கு விட்டுவிட்டுப் போகிறது. தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்துவிட்டுப் புது நீர் சேர்க்காவிட்டால், நம் போர்வெல் நீர் ஃபில்லையே சுண்ணாம்புக் கல்லாக்கிவிடும். இந்த மூன்று நிலையிலும் ரேஞ்ச் எவ்வளவு இருந்தது தெரியுமா? 5. நான் போனபோதும் 5, திரும்பி வந்தபோதும் 5.

இடையில் அங்கே ஒருவர் சொன்ன யோசனையையும் சொல்லிவிடுகிறேன்: இன்னொரு பம்ப் போட்டு அதிகத் தண்ணீர் விட்டால் என்ன? விட்டால் ரேஞ்ச் குறையும், உள்ளே வரும் தண்ணீரின் சூடும் குறையும். ஆனால் அதே காற்றுக்கு அதிகத் தண்ணீர். லிட்டருக்குக் கிடைக்கும் காற்று குறைந்து, தண்ணீர் அடிமட்டத்தை விட்டு இன்னும் தள்ளியே நிற்கும். வேண்டியது காற்று. அந்தக் காற்று குறையப் பெரிய காரணம்கூட வேண்டாம். பெல்ட் தளர்ந்தால் போதும். மோட்டாரைக் கழற்றி மாட்டியபோது இரண்டு பேஸ் மாறி, விசிறி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். விசிறி சுற்றுகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனால் இது பிடிபடாது. மேலே காகிதத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும், அது பறக்கிறதா, உறிஞ்சப்படுகிறதா என்று.

நெய்வேலிப் பக்கம் போனவர்கள் விசிறியே இல்லாத ராட்சதக் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள், இடை சிறுத்து, வாய் விரிந்து. அந்த வடிவத்தை 1918-ல் நெதர்லாந்தின் ஒரு சுரங்கத்தில் வான் இட்டெர்சன் என்ற பொறியாளர் முதலில் எழுப்பினார். உள்ளே இருக்கும் சூடான ஈரக்காற்று வெளிக்காற்றைவிட இலேசானது. அது தானே மேலேறிக் கீழே புதுக்காற்றை இழுக்கிறது. உயரமே அங்கே விசிறி. ஆனால் அந்தக் கோபுரமும் எட்டிப் பிடிக்கப் பார்ப்பது இந்த மேசையில் இருக்கும் நனைந்த துணியைத்தான்.

தோழர்களே, இந்த இரண்டு வெப்பமானிகளையும் சேர்த்து வாங்கினால் ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டுச் செலவுக்கு மேல் ஆகாது. உங்கள் டவரின் பதிவேட்டில் உள்ளே வரும் நீர், வெளியே போகும் நீர் என்று இரண்டு பத்தி இருக்கும். நாளைக் காலை ஸ்கேல் வைத்து மூன்றாவது பத்தி ஒன்று கோடு போடுங்கள்: லூவர் ஓரத்து வெட் பல்ப், நாலு பக்கமும். புதிய டவருக்கு விலைப்புள்ளி கேட்குமுன் அந்தப் பத்தியை ஒரு மாதம் நிரப்பிவிட்டு, என்னிடம் கொண்டுவாருங்கள்.